ஆர்டர் பெருகும்போது சரக்குக் கடனைப் பேசி உயர்த்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேக்கரி, முறுக்கு, ஊறுகாய் என்று சின்ன அளவில் உணவுப் பொருள் தயாரிப்பவர்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்தவுடன் எல்லோரும் ஒரே மாதிரிச் சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குக்கு ஒரே ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றையும் ஒரு மொத்தக் கடையில் வாங்குகிறது. மாதக் கொள்முதல் 4 லட்சமாக இருந்தது, இப்போது 8 லட்சம். கடன் 15 நாள். எண்களை உருண்டையாக வைத்திருக்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

15 நாள் கடன் ஏற்கெனவே இருக்கு. ஆர்டரும் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. ஆனா முன்னைவிட இப்பத்தான் காசு முட்டுது, ஏன்?

உங்கள் கடன் பாதியாகிவிட்டது. அது உங்களுக்குத் தெரியவில்லை. மொத்தக் கடைக்காரர் ஒவ்வொரு பார்ட்டிக்கும் இரண்டு எண்கள் வைத்திருப்பார். ஒன்று நாள், அது உங்களுக்குத் தெரியும். இன்னொன்று லிமிட், அதாவது உங்கள் பேரில் எவ்வளவு பாக்கி வரை நிற்கலாம் என்பது. இதைப் பல கடைகளில் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அது கணக்குப்பிள்ளையின் மனதிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும்.

மாதம் 4 லட்சத்துக்கு வாங்கியபோது 15 நாள் பாக்கி 2 லட்சம். லிமிட்டும் 2 லட்சம், அதனால் இரண்டும் இடிக்கவில்லை. இப்போது 8 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். 15 நாள் கடன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் பாக்கி 4 லட்சம் வரை போக வேண்டும். லிமிட் அதே 2 லட்சத்தில் நிற்பதால் ஏழரை நாளிலேயே அது நிரம்பிவிடுகிறது. அப்போதுதான் கடையிலிருந்து போன் வருகிறது: “பழசைக் கொஞ்சம் கட்டிட்டு லோடு எடுத்துக்கச் சொன்னாங்க.” பில்லில் 15 நாள் என்று இருக்கும், கையில் கிடைப்பது ஏழரை நாள்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். போன மாதத்துப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றின் தேதிக்கும் அதற்குப் பணம் போன தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எழுதிப் பாருங்கள். எட்டு, ஒன்பது என்று வந்தால் உங்களை நெருக்குவது லிமிட்தான்.

அப்போ நாளைக் கூட்டச் சொல்லிக் கேக்கணுமா, லிமிட்டைக் கூட்டச் சொல்லியா?

முதலில் லிமிட். பெரும்பாலானவர்கள் நேராகப் போய் “15-ஐ 30 ஆக்குங்க” என்று கேட்கிறார்கள். அவரும் பெருந்தன்மையாகச் சரி என்கிறார். லிமிட் மாறாததால் அடுத்த வாரமே அதே போன் வருகிறது. கடைசியில் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

லிமிட்டைக் கேட்பதில் இன்னொரு நன்மை உண்டு. புதிய சலுகை எதையும் நீங்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே பேசிய 15 நாள், புதிய கொள்முதல் அளவுக்கும் பொருந்த வேண்டும் என்று மட்டும் கேட்கிறீர்கள். மறுப்பது அவருக்குக் கடினம். நம் பேக்கரி முதலில் கேட்க வேண்டியது: நாள் அதே 15, லிமிட் 4 லட்சம். அது மூன்று மாதம் சுத்தமாக ஓடிய பிறகு நாளைப் பற்றிப் பேசலாம்.

சரி, நாள் கேக்கறதா இருந்தா எத்தனை நாள் கேக்கலாம்? 45 கேட்டு 30-ல நிக்கலாமா?

சந்தையில் பேரம் பேசுவதுபோல் கூட்டிக் கேட்டுக் குறைக்கும் வழி இங்கே எடுபடாது. 45 என்று கேட்டவுடனே “இவனுக்கு என்னமோ முடை” என்று அவர் எண்ணத் தொடங்கிவிடுவார். உங்கள் பணம் உண்மையில் எத்தனை நாள் வெளியே நிற்கிறது என்று கணக்கிட்டு, அதைக் கேளுங்கள்.

நம் பேக்கரியில் மைதா மூட்டை குடோனில் சராசரி 4 நாள் இருக்கிறது. போட்டுச் சுட்டு அனுப்ப ஒரு நாள். விற்பனையில் பாதி டீக்கடைகளுக்குப் போகிறது, அங்கே வாரா வாரம் வசூல். மீதிப் பாதி புதிதாகப் பிடித்த சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு, அவர்கள் 30 நாளில் கொடுக்கிறார்கள். 7-க்கும் 30-க்கும் சராசரி பதினெட்டரை. ஆக, மைதாவில் போட்ட பணம் திரும்பிவர 23 அல்லது 24 நாள். 21 அல்லது 22 நாள் கடன் கிடைத்தால் சரக்குக்காகக் கைக்காசு அதிகம் முடங்காது. 21 நாளுக்கு உரிய லிமிட்டையும் சேர்த்தே சொல்லுங்கள்: மாதம் 8 லட்சம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 26,700 ரூபாய், 21 நாளுக்கு 5.6 லட்சம்.

சரக்குக் கடன் சரக்குக்கு மட்டும்தான் என்பதையும் மனதில் வையுங்கள். மாஸ்டர் சம்பளம், கேஸ், வேன் டீசல் எல்லாம் ரொக்கம். அதையும் மொத்தக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். அந்தப் பங்குக்கு ஓடி என்று சொல்லும் வங்கி ஓவர்டிராஃப்ட்தான் சரியான இடம்.

அவர்கிட்ட ரெண்டு மடங்கு வாங்குறேன். அவராவே கடனைக் கூட்டித் தரணும்ல? அவருக்கு இதுல என்ன நஷ்டம்?

வட்டிச் செலவு என்று பார்த்தால் பெரிதில்லை. அவருடைய வங்கி வட்டி வருடத்துக்கு 12% என்று வைத்தால், மாதத்துக்கு 1%. பாக்கி 2 லட்சத்திலிருந்து 4 லட்சமானால் அவருக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதல் வட்டி. நீங்கள் கூடுதலாக வாங்கும் 4 லட்சத்தில் அவருக்கு 2% நின்றாலும் 8,000 ரூபாய். வட்டி போக 6,000 மிச்சம். இந்தக் கணக்கை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் அவர் முன்னால் போட்டுக் காட்ட வேண்டாம். அவருக்கு அது தெரியும், தன் லாபத்தை நீங்கள் எண்ணுவது பிடிக்கவும் பிடிக்காது.

அவர் அஞ்சுவது அசல் போய்விடுமோ என்றுதான். 2% லாபத்தில் ஓடுகிறவருக்கு ஒரு பார்ட்டி 4 லட்சம் நிலுவையோடு கடையை மூடிவிட்டால், அதை ஈடுகட்ட 2 கோடிக்கு விற்க வேண்டும். உங்கள் அளவுக்கு வாங்கும் இன்னொருவரை வைத்து அதைச் சம்பாதிக்க 25 மாதம் ஆகும். திடீரென்று ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டு மறைந்த பார்ட்டிகளை அவர் தொழிலில் பார்த்திருப்பார். அதனால் உங்கள் வளர்ச்சியே அவர் கண்ணுக்கு எச்சரிக்கை மணியாகத் தெரியலாம். “நிறைய வாங்குறேன்” என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பயம் கூடத்தான் செய்யும். எதனால் கூடியது, யாருக்குப் போகிறது, பணம் எப்படித் திரும்புகிறது என்று சொன்னால்தான் குறையும்.

எப்போ பேசினா நல்லது?

உங்கள் பேரில் கெடு தாண்டிய பில் ஒன்றுகூட இல்லாத நாளில். பாக்கி வைத்துக்கொண்டு கூடுதல் கடன் கேட்டால், அது அவகாசம் கேட்பதாகத்தான் அவர் காதில் விழும். முடிந்தால் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒரு பெரிய பில்லை முடித்துவிட்டு, அந்த வாரத்திலேயே போய்ப் பேசுங்கள்.

கோதுமை விலை ஏறும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏறும் சந்தையில் மைதா கையில் வைத்திருப்பவருக்கு ரொக்கப் பார்ட்டிகள் வரிசையில் நிற்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் மார்ச் கடைசியும்கூட ஆகாது, அப்போது அவரே வசூலில் ஓடிக்கொண்டிருப்பார். குடோன் நிறைந்து கிடந்து, “இன்னும் 20 மூட்டை அனுப்பட்டுமா?” என்று அவரே கேட்கும் மந்த நாட்கள்தான் உங்கள் நாட்கள்.

பேசப் போகும்போது கையில என்ன கொண்டு போகணும்? பேங்குக்குக் கொடுக்கற மாதிரி பேப்பர் எல்லாமா?

ஒரே ஒரு தாள் போதும். கடைசி ஆறு மாதப் பில்கள்: பில் தேதி, தொகை, கெடு, பணம் போன தேதி. தாமதமான பில்கள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அவருடைய லெட்ஜரில் எப்படியும் இருக்கிறது. போவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர்களிடம் லெட்ஜர் நகல் வாங்கி உங்கள் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். டேமேஜ் மூட்டைக்கு வர வேண்டிய கிரெடிட் நோட், ரேட் வித்தியாசம், யாரோ கையில் கொடுத்து ரசீது போடாத 5,000 ரூபாய் என்று ஏதாவது வித்தியாசம் கண்டிப்பாக இருக்கும். அதைத் தீர்க்காமல் உட்கார்ந்தால் அந்த 5,000 ரூபாய் பேச்சிலேயே நேரம் போய்விடும்.

அதே தாளின் பின்பக்கம் அடுத்த மூன்று மாதத்துக்கு எவ்வளவு எடுப்பீர்கள் என்று எழுதுங்கள். புதிதாகப் பிடித்த சூப்பர் மார்க்கெட்டின் பர்ச்சேஸ் ஆர்டர் இருந்தால் அதைக் காட்டலாம். நகல் கொடுக்க வேண்டியதில்லை, விலை உள்ள பத்தியை மறைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அவர் கேட்டால் பார்க்கலாம், நீங்களாக நீட்ட வேண்டாம்.

அண்ணாச்சி அப்பா காலத்துல இருந்து பழக்கம். கடன் கூட்டுங்கன்னு கேட்டா தப்பா நினைப்பாரோ? எப்படி ஆரம்பிக்கிறது?

பழக்கமான இடத்தில்தான் தெளிவாகக் கேட்க வேண்டும். “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க அண்ணாச்சி” என்றால் அவரும் “பார்ப்போம்” என்பார். எதைப் பார்ப்பது என்று இருவருக்கும் தெரியாது. போனில் பேச வேண்டாம், கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் நேரில் போங்கள். லெட்ஜரைக் கையில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளையும் அங்கே இருந்தால் நல்லது. நாளைக்கு லோடை நிறுத்தச் சொல்லி போன் செய்யப்போவது அவர்தான்.

பேச்சு இப்படிப் போகலாம்: “அண்ணாச்சி, மூணு மாசமா மாசம் 8 லட்சத்துக்கு எடுக்கிறேன். சூப்பர் மார்க்கெட் ரெண்டு புதுசா சேர்ந்திருக்கு, அவங்க 30 நாள்ல தர்றாங்க. உங்க 15 நாளை நான் மாத்தச் சொல்லல. பாக்கி 2 லட்சம் தொட்டதும் லோடு நிக்குது, அதை 4 லட்சமா வச்சுக் கொடுங்க. ஆறு மாசப் பில் இதோ இருக்கு. மூணு மாசம் பாருங்க, ஒரு பில் கெடு தாண்டினாலும் பழையபடி 2 லட்சத்துக்கே வந்துடலாம்.”

கடைசி வாக்கியம்தான் முக்கியம். சரி என்று சொன்னால் திரும்பப் பெற முடியாதே என்ற தயக்கம் எல்லா வியாபாரிக்கும் உண்டு. திரும்பிப் போகும் வழியை நீங்களே சொல்லிவிட்டால் தயக்கம் பாதி குறையும். சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கும் நேரத்தில் “இல்லைனா மூணு லட்சமாவது” என்று நாமே இறங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

21 நாள்னா எந்தத் தேதியில இருந்து? பில் தேதியா, சரக்கு இறங்குன தேதியா?

பேசும்போதே முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை பில் போட்டுச் செவ்வாய்க்கிழமை லோடு வந்தால் மூன்று நாள் அங்கேயே போய்விட்டது. 15 நாளில் மூன்று நாள் என்பது ஐந்தில் ஒரு பங்கு. சரக்கு இறங்கிய தேதி என்று வைத்துக்கொள்வது நியாயம்.

வாரத்துக்கு மூன்று நான்கு பில் வருகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது, நாளையே எண்ண வேண்டாம். 1 முதல் 15 வரை வந்த பில்களுக்கு மாதக் கடைசியில் ஒரே பேமெண்ட், 16 முதல் 30 வரையிலானவற்றுக்கு அடுத்த மாதம் 15-ம் தேதி ஒரே பேமெண்ட். கணக்குப் போட்டால் சராசரி 22 நாள் வருகிறது. 21 நாள் கேட்டால் யோசிப்பவர்கூட “மாசம் ரெண்டு பேமெண்ட், தேதி தவறாது” என்றால் சட்டென்று ஒப்புக்கொள்வதுண்டு. எந்த நாளில் எவ்வளவு வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பேமெண்டுக்கு முந்தைய நாள் ஒரு மாதப் பில்லும் சேர்ந்து நிற்கும், 8 லட்சத்தைத் தொடும். லிமிட்டை அதற்கேற்பப் பேச வேண்டும். அது அவருக்கு அதிகம் என்றால் பத்து நாளுக்கு ஒருமுறை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ரொக்கம் கொடுத்தா 1% குறைக்கறேங்கிறார். அப்போ கடனே வேணாம்னு விட்டுடலாமா?

உங்களுக்கு ஓடி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1% என்பது சின்னதாகத் தெரியும். 15 நாள் கடனுக்குப் பதிலாக அதை எடுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 24% வட்டிக்குச் சமம். வங்கி ஓடி 12% என்றால், அதிலிருந்து எடுத்து ரொக்கம் கொடுப்பதுதான் லாபம். மாதம் 8 லட்சத்துக்கு 8,000 ரூபாய் தள்ளுபடி, 15 நாள் பணத்துக்கு வங்கி வட்டி சுமார் 4,000. பாதி உங்களுக்கு மிஞ்சுகிறது. 21 நாள் கடன் கிடைத்தால் இந்த லாபம் குறையும், வட்டி 5,600 ஆகிவிடும். அப்போதும் தள்ளுபடிதான் மேல்.

ஆனால் ஓடி லிமிட் முழுவதும் ஏற்கெனவே சம்பளத்திலும் டீசலிலும் மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு வெறும் காகிதம். அப்படிப்பட்டவர்கள் இரண்டையும் கலந்து வைக்கலாம். சர்க்கரை மட்டும் ரொக்கம், மைதாவும் வனஸ்பதியும் கடன் என்று பேசுங்கள். கொஞ்சம் ரொக்கம் காட்டுகிற பார்ட்டிக்கு, சரக்குத் தட்டுப்பாடு வரும் நாட்களில் கடைசி இடம் கிடைக்காது. அது 1%-ஐவிடப் பெரிய விஷயம்.

கடனைக் கூட்டிக் கொடுத்துட்டு மூட்டைக்கு ரேட்டை ஏத்திட்டாருன்னு சந்தேகமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரே நாளில், ஒரே பிராண்டுக்கு, இன்னும் இரண்டு கடைகளில் ரொக்க ரேட் கேளுங்கள். வேறு வேறு நாள் ரேட்டை ஒப்பிடாதீர்கள். மேலே சொன்ன மாதம் 1% கணக்கை இங்கேயும் போடலாம். 15 நாளிலிருந்து 21 நாளாகக் கூட்டியது ஆறு நாள், அதற்கு அவருடைய வட்டிச் செலவு 0.2%. மூட்டை 1,800 ரூபாய் என்றால் 3 ரூபாய் 60 காசு. நான்கு ஐந்து ரூபாய் கூடியிருந்தால் நியாயமான விலை, பேசாமல் இருங்கள். 20 ரூபாய் கூடியிருந்தால் ஆறு நாளுக்கு 1.1%, வருடக் கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல். அதற்குப் பழைய 15 நாளே நல்லது.

இதனால்தான் ரேட்டையும் கடனையும் ஒரே மூச்சில் பேசக் கூடாது என்கிறேன். முதலில் அன்றைய ரேட்டை முடித்துவிட்டு, பிறகு அதே ரேட்டில் எத்தனை நாள் என்று வாருங்கள்.

நம்பிக்கைக்கு ரெண்டு கையெழுத்துப் போட்ட வெத்துச் செக் கொடுங்கன்னு கேக்கறார். கொடுக்கலாமா?

வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். “ஜாமீனுக்காகத்தான் கொடுத்தேன், தொகையை நான் எழுதவில்லை” என்ற வாதம் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் காப்பாற்றாது. கையெழுத்திட்டு மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கை மற்றவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக் இல்லாமல் முடியாது என்றால், ஒவ்வொரு பில்லுக்கும் அதன் தொகையையும் கெடு தேதியையும் எழுதி, கடையின் பெயரைப் போட்டு, இரட்டைக் கோடு கிழித்துக் கொடுங்கள். செக் எண், பில் எண் இரண்டையும் ஒரு கடிதத்தில் எழுதி நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டால் அந்தச் செக்கை அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். செக் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதனால் பழையது தானாகச் செத்துவிடும் என்று விட்டுவிடலாம் என்பார்கள், அந்த மூன்று மாதத்துக்குள் தவறுதலாகப் போட்டுவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பேசி முடிச்சாச்சு. வாய் வார்த்தை போதாதா, எழுதி வேற வாங்கணுமா?

வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும், ஆனால் கண்டிப்பாக வேண்டும். அண்ணாச்சி ஒப்புக்கொண்டது அவர் மகனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. அன்று மாலையே அனுப்புங்கள்: “அண்ணாச்சி, இன்று பேசியபடி 1-ம் தேதி முதல்: கெடு சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாள். பாக்கி 4 லட்சம் வரை. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பேசுவோம். சரி என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்.” அவர் ஒரு ‘ஓகே’ போட்டால் அதைக் கணக்குப்பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.

மில்லுலயே நேரா வாங்கறேன். சின்னக் கம்பெனிக்கு 45 நாளைக்குள்ள கொடுத்தே ஆகணும்னு ஏதோ சட்டம் இருக்காமே?

இருக்கிறது. மேலே எழுதி வாங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்த நாளும் சரக்கை ஏற்றதிலிருந்து 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். ஆக, மில்காரரிடம் வாயளவில் 21 நாள் பேசியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் உங்கள் கெடு 15 நாள். 60 நாள் என்று இருவரும் மனமொத்து எழுதிக்கொண்டாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு.

வருமான வரியிலும் இது கைவைக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் 43பி(எச்) என்ற எண்ணில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அந்தக் கெடு தாண்டிய பில்லை, பணம் உண்மையில் கொடுத்த வருடத்துச் செலவாகத்தான் காட்ட முடியும். மார்ச் 31 அன்று கெடு தாண்டிய 3 லட்சம் நின்றால், அந்த வருட லாபத்தில் 3 லட்சம் கூடித் தெரியும். ஆகவே பிப்ரவரியிலேயே மில் பில்களைப் பிரித்து எடுத்து, தாண்டப்போவதைக் கட்டிவிடுங்கள்.

இந்த விதி தயாரிப்பாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும்தான். வாங்கி விற்கும் மொத்தக் கடைக்காரர் உத்யம் எடுத்திருந்தாலும் அவருக்கு அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே உதவும். நம் பேக்கரியின் அண்ணாச்சி அந்த வகை. மில் குறு, சிறு வகையில் வருகிறதா என்பதை உத்யம் சான்றிதழ் நகல் கேட்டு வாங்கித் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 100 கோடி ஆகிவிட்டதால், பெரியதென்று நீங்கள் நினைக்கும் மில்லும் சிறு நிறுவனமாக இருக்கலாம்.

முடியவே முடியாதுன்னுட்டார். வேற கடைக்கு மாறிடட்டுமா?

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “எது இருந்தா தருவீங்க அண்ணாச்சி?” பதிலில் உண்மையான காரணம் வெளியே வரும். அவருக்கே மில்லில் ரொக்கம் கேட்கிறார்கள் என்றால் நாள் கூடாது. ஆனால் வாரம் ஒரு பெரிய லோடுக்குப் பதில் இரண்டு சின்ன லோடு கேட்டுப் பார்க்கலாம். குடோனில் சரக்கு 4 நாள் இருப்பது 2 நாளானால் உங்களுக்கு இரண்டு நாள் கடன் கிடைத்த மாதிரிதான், அவருக்கும் செலவு அதிகமில்லை. உங்கள் பேரில்தான் பயம் என்றால் 4 லட்சத்துக்குப் பதில் 3 லட்சம், மூன்று மாதம் கழித்து மீதி என்று படி படியாகப் போங்கள்.

இரண்டாவது கடையை மிரட்டலாகப் பேசாதீர்கள், உண்மையாகவே தொடங்குங்கள். கொள்முதலில் கால் பங்கை, ஒரே ஒரு பொருளை, இன்னொரு இடத்தில் வாங்குங்கள். புதுக் கடையில் முதல் இரண்டு மாதம் ரொக்கம்தான் கேட்பார்கள், அதற்குக் கையில் பணம் இருக்க வேண்டும். அப்படியே முழுதாக மாறிப் போனவர்கள் பழைய கடையின் 15 நாளையும் இழந்து, புதுக் கடையின் கடனும் வராமல் நடுவில் நிற்பதுண்டு.

டிசம்பர்ல கேக் சீசன். அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் எக்ஸ்ட்ரா கடன் கேக்கலாமா?

கேட்கலாம், அதுதான் கிடைக்கவும் எளிது, ஏனென்றால் முடியும் தேதி அதிலேயே இருக்கிறது. நவம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: டிசம்பர் 1 முதல் ஜனவரி 10 வரை லிமிட் 2 லட்சம் கூடுதல், அதன் பிறகு பழைய அளவு. கேக் காசு கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களிலேயே பெரும்பாலும் ரொக்கமாக வந்துவிடும். அந்தப் பணம் கல்லாவில் இருக்கும்போதே ஜனவரி முதல் வாரத்தில் பாக்கியை இறக்கிவிடுங்கள். ஓவன் வாங்கவோ வீட்டுப் பொங்கல் செலவுக்கோ அதைத் தொட்டால் அடுத்த வருடம் அவர் தர மாட்டார்.

எல்லாம் ஒழுங்கா போச்சு, ஒரு பேமெண்ட் மட்டும் தவறப் போகுது. சூப்பர் மார்க்கெட்காரன் இழுக்கிறான். இப்போ என்ன பண்றது?

கெடு தேதிக்கு முன்னால் நீங்களே போன் செய்யுங்கள். தேதி முடிந்து அவர் கூப்பிட்ட பிறகு சொல்லும் எந்தக் காரணமும் சாக்காகத்தான் கேட்கும். சொல்லும்போது மூன்றைச் சொல்ல வேண்டும்: இன்று எவ்வளவு அனுப்புகிறீர்கள், மீதி எந்தத் தேதி, அதுவரை புது லோடு எப்படி. “2 லட்சம் கட்ட வேண்டியதில் இன்னைக்கு 1.2 லட்சம் அனுப்பிட்டேன், மீதி 80,000 வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் எடுக்கற லோடுக்கு ரொக்கம்” என்றால் பாக்கி ஏறவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றது உங்களுக்கே சந்தேகம் என்றால் திங்கள் என்று சொல்லுங்கள். ஒரு தேதியை இரண்டாவது முறை மாற்றினால் மூன்று மாதம் சேர்த்த பெயர் போய்விடும்.

பின்னாலேயே சூப்பர் மார்க்கெட் பக்கமும் பாருங்கள். எத்தனை நாள் கேட்கலாம் என்ற கேள்வியில் அவர்களுக்கு 30 நாள் போட்டிருந்தோம். உண்மையில் 45 நாளில் வருகிறது என்றால் சராசரி பதினெட்டரையிலிருந்து 26-க்குப் போய்விட்டது, அண்ணாச்சி தரும் 21 நாள் எப்படியும் போதாது. அந்த ஏழரை நாளுக்கும் திரும்ப அண்ணாச்சியிடமே போகாதீர்கள். தயாரித்து விற்கிற உங்களுக்கும் அதே 45 நாள் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் உத்யம் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். அவர்கள் கணக்குப் பிரிவு மார்ச் மாதத்தில் உங்கள் பில்லைத் தேடி எடுத்துப் பணம் போடும்.